கழுவி, கரைத்து, கிண்டி: பெரியபாளையம் ஞாயிறு வகுப்பினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்கா தங்கைகளுக்கு,

போன ஞாயிறு நீங்கள் கொடுத்துவிட்டுப் போன நோட்டுகள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். கூழ் காய்ச்சுவது எப்படி என்று ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்லியிருந்தேன். ஆடி மாதம். பவானி அம்மன் கோயில் பக்கம் போனாலே வேப்பஞ்சேலை கட்டியவர்களும், ஆரணி ஆற்றங்கரையில் பொங்கல் வைப்பவர்களும்தான் கண்ணில் படுகிறார்கள். தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்கள். கூழ் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. கை தானாகச் செய்யும். சமையலை யோசிக்க வேண்டாம், மொழியை மட்டும் யோசித்தால் போதும் என்பதற்காகத்தான் அதைக் கொடுத்தேன்.

நோட்டு நோட்டாகச் சிவப்பு மையால் திருத்த ஆரம்பித்து, நாலாவது நோட்டில் பேனாவை மூடிவிட்டேன். பெரும்பாலும் ஒரே மாதிரித் தப்புகளைத்தான் செய்திருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல். ஊத்துக்கோட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் இதே மாதிரி வகுப்புக்குப் போகிறவர்கள் படித்தாலும் படிக்கட்டும் என்று திறந்தே எழுதுகிறேன். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். வாய்விட்டுப் படியுங்கள், பிறகு நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நோட்டிலிருந்து சில வரிகள். யாருடையது என்று சொல்லமாட்டேன். சொன்னாலும் பாதிப் பேர் 'அது என்னோடதுதான்' என்பீர்கள்.

'வீ ஆர் வாஷிங் ப்ரோக்கன் ரைஸ் அண்ட் சோக்கிங் அண்ட் புட்டிங் ஸ்டவ் அண்ட் வாட்டர் பாயிலிங் ஆஃப்டர் ராகி புட்டிங் அண்ட் மிக்ஸிங் வெல் அண்ட் திக் கம்மிங் அண்ட் டேக்கிங்.'

இதை எழுதியவருக்கு ஆங்கிலம் தெரியவில்லை என்று நினைத்தால் அது தவறு. வாஷ், சோக், பாயில், மிக்ஸ், திக் எல்லாமே சரியான சொற்கள். கோளாறு வேறு இடத்தில். இந்த வாக்கியத்தின் அடியில் ஒரு தமிழ் வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது: 'நொய்யைக் கழுவி, ஊறவெச்சு, அடுப்புல போட்டு, தண்ணி கொதிச்ச பிறகு கேவுரு மாவைப் போட்டு, நல்லா கிண்டி, கெட்டியா வந்ததும் எடுக்கணும்.' அருமையான தமிழ். கழுவி, வைத்து, போட்டு, கிண்டி என்று வினையெச்சங்களை மணி மாதிரி கோத்துக்கொண்டே போய், கடைசியில் 'எடுக்கணும்' என்று ஒரே ஒரு வினைமுற்றில் முடிச்சுப் போடுகிறோம். அந்தக் கடைசிச் சொல் வந்ததும் முன்னால் போன அத்தனை எச்சத்துக்கும் உயிர் வந்துவிடுகிறது. உங்களில் சிலர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அங்கேயும் இதே கதைதான்.

நீங்கள் செய்தது என்னவென்றால், ஒவ்வொரு எச்சத்துக்கும் பதிலாக ஒரு 'இங்' போட்டுவிட்டீர்கள். கழுவி என்றால் வாஷிங், கிண்டி என்றால் மிக்ஸிங். ஆங்கிலத்தில் அப்படிக் கோத்தால் முடிச்சு விழாது. படிக்கிறவர் கடைசிவரை காத்திருந்து, யார் செய்ய வேண்டும், நானா நீயா என்று விழிப்பார். அதிலும் 'வீ ஆர் வாஷிங்' என்று தொடங்கினால், இப்போது நாங்கள் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆகிவிடுகிறது. கூழ் காய்ச்சக் கற்றுக்கொள்ள வந்தவர் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் தமிழ் வாக்கியத்தை முதலில் நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொரு எச்சத்தின் பின்னாலும் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வெட்டுங்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் ஏவலாக மாற்றுங்கள்: நொய்யைக் கழுவு. ஊறவை. தண்ணீரைக் கொதிக்கவிடு. மாவைப் போடு. கிண்டு. இப்போது ஒவ்வொரு துண்டிலும் கடைசியாக நிற்கும் வினைச்சொல்லைத் தூக்கி முன்னால் வையுங்கள். 'நொய்யைக் கழுவு' என்பது 'வாஷ் த ப்ரோக்கன் ரைஸ்' ஆகிவிடும். 'இங்'கும் வேண்டாம், வீயும் வேண்டாம், யூவும் வேண்டாம்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' புத்தகம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். தலைப்பைப் பாருங்கள். 'சமைத்து' எச்சம், 'பார்' ஏவல். அதே புத்தகம் ஆங்கிலத்தில் வந்தபோது தலைப்பு 'குக் அண்ட் சீ' என்று ஆனது. 'குக்கிங் அண்ட் சீ' என்று ஆகவில்லை. எச்சத்தை வெட்டி, அதையும் ஒரு ஏவலாக்கி, நடுவில் ஒரு 'அண்ட்' வைத்துவிட்டார்கள். நான் இவ்வளவு நேரம் சொன்னது முழுக்க அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு ஏவல்வரை 'அண்ட்' தாங்கும். மூன்றாவதற்குப் புதிய வாக்கியம் தொடங்குங்கள்.

உங்களில் ஏழெட்டுப் பேர் இந்த ஏவலைச் சரியாகப் பிடித்துவிட்டு, பிறகு பயந்து பின்வாங்கியிருக்கிறீர்கள். 'ப்ளீஸ் வாஷ் த ரைஸ்', 'ப்ளீஸ் ஆட் சால்ட்' என்று வரிக்கு வரி ப்ளீஸ். ஒரு நோட்டில் 'சார், யூ ஹேவ் டு வாஷ்' என்றுகூட இருந்தது. காரணம் புரிகிறது. தமிழில் 'கழுவு' என்றால் தங்கச்சியிடம் சொல்வது. மாமியாரிடம் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. பெரியவர்களுக்குக் 'கழுவுங்கள்', அச்சில் 'கழுவவும்', பொதுவாகச் சொன்னால் 'கழுவ வேண்டும்' என்று ஆளுக்கேற்ப வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இந்த நாலுக்கும் ஒரே 'வாஷ்'தான். அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக்குறைவும் இல்லை.

நம்பிக்கை வரவில்லை என்றால் நாளைக்குக் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது தொழிற்சாலைச் சுவரைப் பாருங்கள். 'வேர் யுவர் ஹெல்மெட்' என்று போர்டு இருக்கும். இயந்திரத்தின் பக்கத்தில் 'டூ நாட் டச்' இருக்கும். எந்த போர்டும் ப்ளீஸ் சொல்லிக் கெஞ்சவில்லை. நீங்களும் அதைப் படித்துவிட்டு 'என்னை வாடா போடா என்கிறான்' என்று கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் ஏவலைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எழுதத்தான் இன்னும் கூச்சம். ஒன்று மட்டும் கவனம்: போர்டிலும் மாவுப் பாக்கெட்டிலும் இடம் போதாது என்று 'எ', 'த' இரண்டையும் விழுங்கிவிடுவார்கள். நம் நோட்டில் இடம் இருக்கிறது. முதன்முறை சொல்லும்போது 'எ கப் ஆஃப் ராகி ஃப்ளார்', மறுபடி அதையே சொல்லும்போது 'த ஃப்ளார்' என்று முழுதாகவே எழுதுங்கள்.

ஃப்ளார் என்றதும் ஞாபகம் வருகிறது. ஐந்து நோட்டில் கேழ்வரகு மாவுக்குப் பதில் பூவைக் கரைத்து வைத்திருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்துதான் வேறு. மாவுக்கு எஃப், எல், ஓ, யூ, ஆர். அம்மனுக்குச் சாத்துவது வேறு எழுத்து.

அடுத்தது வரிசைச் சொற்கள். ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட், தென், ஆஃப்டர் தட், ஃபைனலி என்று ஐந்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். எழுதிப்போட்டதால் எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் கொட்டிவிட்டீர்கள். 'தென் வாஷ். தென் சோக். தென் பாயில். தென் புட்.' ஒரு நோட்டில் பதினொரு தென் எண்ணினேன். வாக்கியங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றாலே வரிசை தெரிந்துவிடும். வரிசைச் சொல்லுக்கு வேலை வருவது காலம் உண்மையிலேயே திரும்பும் இடத்தில்தான்.

கூழில் அந்தத் திருப்பம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் மாவைக் கரைத்து மூடி வைக்கிறோம். ஒரு ராத்திரி புளிக்கிறது. அது பெரிய திருப்பம். காலையில் நொய் வெந்த பிறகு தீயைக் குறைத்துக் கரைசலை ஊற்றுகிறோம். அங்கே கை வேலை மாறுகிறது. கடைசியில் அடுப்பை அணைத்து ஆறவிட்டு மோர் சேர்க்கிறோம். இந்த இடங்களில்தான் சொல் தேவை. முதல் திருப்பத்துக்கு 'தென்' போதவே போதாது. 'தென் வாஷ் த ரைஸ்' என்று எழுதினால், கரைத்த கையோடு நொய்யைக் கழுவி ஏற்றிவிடுவார்கள். மாவு புளிக்கவே புளிக்காது. 'த நெக்ஸ்ட் மார்னிங்' என்று எழுத வேண்டும். கரும்பலகையில் நான் எழுதாத சொல் அது. உங்களில் ஒரே ஒருவர்தான் எழுதியிருந்தார்.

'ஆஃப்டர்' இன்னொரு வம்பு. தமிழில் பிறகு என்பது பின்னால் நிற்கும்: வெந்த பிறகு. ஆங்கிலத்தில் அது முன்னால் நிற்கும், தனக்குப் பின்னால் ஏதாவது ஒன்றைக் கேட்கும். 'ஆஃப்டர் ஆட் த சால்ட்' என்று எழுதினால் அந்தரத்தில் தொங்கும். ஒன்று 'ஆஃப்டர் தட், ஆட் த சால்ட்' என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் 'ஆஃப்டர் த ரைஸ் இஸ் சாஃப்ட்' என்று முழு வாக்கியத்தைக் கொடுங்கள். 'கெட்டியாகும் வரை' என்பதற்குப் பலர் 'அப் டு திக்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது 'அன்டில் இட் இஸ் திக்'. 'ஃபைனலி'க்குப் பதில் 'அட் லாஸ்ட்' எழுதியவர்கள், 'அப்பாடா, ஒருவழியாக' என்று பெருமூச்சு விட்டிருக்கிறீர்கள். கால்மணி நேரம் கிண்டினால் அப்படித்தான் தோன்றும், இருந்தாலும் குறிப்பில் வேண்டாம்.

இப்போது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். புதன்கிழமை ஒரு நோட்டை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டு, அதில் உள்ளதை எழுதியபடியே செய்தேன். எனக்குத் தெரிந்தது எதையும் சேர்ப்பதில்லை என்று வைராக்கியம். மூன்றாவது வரி, கொதிக்கிற நொய்யில் ராகி மாவைச் சேர் என்றது. சேர்த்தேன், உலர்ந்த மாவாகவே. ஐந்தாவது வரியில்தான், 'பட் பிஃபோர், ராகி மிக்ஸ் வித் கோல்ட் வாட்டர்' என்று இருந்தது. அதற்குள் பாத்திரத்தில் கோலிக்குண்டு அளவுக்குக் கட்டி கட்டியாக மிதக்கிறது. ஒன்றை எடுத்துக் கரண்டியால் நசுக்கினேன். வெளியே பழுப்பாக, பசையாக வெந்திருந்தது. உள்ளே மாவு அப்படியே உலர்ந்து வெளுத்திருந்தது. சுடுநீர் பட்டதும் மாவின் மேல்பக்கம் உப்பிப் பசையாகிக் கதவை அடைத்துவிடுகிறது. அப்புறம் உள்ளே தண்ணீர் போக வழியில்லை. எவ்வளவு கிண்டினாலும் கட்டி சின்னதாகுமே தவிர, கரையாது.

அதை எழுதியவர் கூழில் தேர்ந்தவர், நான் சாப்பிட்டிருக்கிறேன். பேச்சில் நாம் அப்படித்தான் சொல்வோம்: 'மாவைப் போட்டுக் கிண்டணும். முன்னாடியே கரைச்சு வெச்சிருக்கணும், ஆமா.' கேட்கிறவருக்கும் கூழ் தெரியும் என்பதால் பேச்சில் சரியாகிவிடுகிறது. எழுத்தில் படிப்பவர் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகத்தான் வருகிறார். அதனால் குறிப்பில் 'பிஃபோர்' வந்தாலே சந்தேகப்படுங்கள். அந்த வேலை எந்த வரியில் நடக்க வேண்டுமோ அங்கே அதைத் தூக்கிப் போடுங்கள். பெரும்பாலும் 'பிஃபோர்' தேவையே இருக்காது.

இன்னொரு குறை 'புட்'. வாட்டர் புட், சால்ட் புட், ஸ்டவ் புட், ஆனியன் புட். தமிழில் 'போடு' எதற்கும் வரும்; அதனால்தான். மாவுக்கும் உப்புக்கும் 'ஆட்', தண்ணீருக்கும் மோருக்கும் 'போர்', அடுப்பைப் பற்றவைக்க 'டர்ன் ஆன்', கரைக்க 'மிக்ஸ்', கிண்ட 'ஸ்டர்'. இந்த ஐந்தும் போதும். கூழுக்கு இதில் முக்கியம் ஸ்டர். மிக்ஸ் என்றால் ஒருமுறை கலந்துவிட்டுப் போய்விடலாம். ஸ்டர் என்றால் கரண்டி கையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். ராகியை விட்டுவிட்டுப் போனால் அடிபிடித்துவிடும், தெரியும்தானே.

எல்லோருடைய நோட்டிலிருந்தும் எடுத்து, வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். நாலு பேருக்குப் போதும். படியுங்கள்:

'ஃபர்ஸ்ட், மிக்ஸ் எ கப் ஆஃப் ராகி ஃப்ளார் வித் டூ கப்ஸ் ஆஃப் கோல்ட் வாட்டர். கவர் இட் அண்ட் லீவ் இட் ஓவர்நைட். த நெக்ஸ்ட் மார்னிங், வாஷ் எ க்வார்ட்டர் கப் ஆஃப் ப்ரோக்கன் ரைஸ். பாயில் த்ரீ கப்ஸ் ஆஃப் வாட்டர் இன் எ பிக் பாட். ஆட் த ரைஸ் அண்ட் குக் இட் அன்டில் இட் இஸ் சாஃப்ட். தென் டர்ன் டவுன் த ஃப்ளேம். போர் இன் த ராகி மிக்ஸ் ஸ்லோலி அண்ட் ஸ்டர் ஆல் த டைம். குக் இட் ஃபார் அபௌட் ஃபிஃப்டீன் மினிட்ஸ். டச் இட் வித் எ வெட் ஃபிங்கர். இஃப் இட் டஸ் நாட் ஸ்டிக், இட் இஸ் குக்ட். ஆஃப்டர் தட், டர்ன் ஆஃப் த ஸ்டவ் அண்ட் லெட் இட் கூல். ஃபைனலி, மிக்ஸ் இட் வித் பட்டர்மில்க் அண்ட் சால்ட். செர்வ் இட் வித் சாப்ட் ஆனியன்ஸ்.'

பதின்மூன்று வாக்கியம், வரிசைச் சொல் ஐந்தே இடத்தில். தண்ணீரும் மாவும் 'கப் ஆஃப்' என்று அளவோடு வருகின்றன, 'வாட்டர்ஸ்' என்று பன்மை ஆகவில்லை. நொய்யைக் கழுவிய உடனே தண்ணீர் கொதிக்க வைக்கிறோம். அங்கே 'தென்' இல்லை, இருந்தும் குழப்பம் இல்லை. ஈரக்கை பார்க்கிற இடத்தைக் கவனியுங்கள். 'இஃப் இட் டஸ் நாட் ஸ்டிக்' என்பது ஏவல் இல்லை. ஏவலில் எழுது என்று சொன்னதற்காக எல்லா வரியையும் ஏவலாக்க வேண்டாம். செய்ய வேண்டியதற்கு ஏவல். வெந்ததா வேகவில்லையா என்ற அடையாளத்துக்குச் சாதாரண வாக்கியம். இந்த அடையாள வரி பாதி நோட்டில் இல்லவே இல்லை. நிமிடக் கணக்கை மட்டும் நம்பினால் ஒருவர் அடுப்பில் தீ கூட, இன்னொருவர் அடுப்பில் குறைச்சல். கையில் ஒட்டுகிறதா என்பதுதான் எல்லா அடுப்புக்கும் பொது. தொடுவதற்கு முன் விரலைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லி 'வெட்' என்ற சொல்லை விடாமல் எழுதுங்கள், சுட்டுக்கொள்ளப் போகிறார்கள்.

கூழை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு மறுநாள் கரைத்துக் குடிக்கிற வழக்கத்தைச் சிலர் எழுதியிருந்தீர்கள். அதுதான் ருசி, மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு ராத்திரி சேர்ந்துவிடுகிறது. இன்னொரு 'நெக்ஸ்ட் மார்னிங்' வேண்டும். முதல் குறிப்புக்கு ஒரு ராத்திரி போதும் என்று விட்டுவிட்டேன். கருவாட்டுக் குழம்பும் அப்படியே. அது தனிக் குறிப்பு, ஒரு பக்கம் ஆகும்.

உங்களில் ஒருவருடன் விடுதியில் தங்கியிருக்கும் ஒடிசாப் பெண்ணைப் பற்றிச் சொன்னீர்கள். தமிழ் வராது, ஆங்கிலம் கொஞ்சம் படிப்பார், கூழைப் பார்த்ததே இல்லை. அவரைவிட நல்ல பரிசோதகர் கிடைக்கமாட்டார். அவரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். நீங்கள் திருத்தி எழுதும் குறிப்புகளில் ஒன்றை அவர் கையில் கொடுப்போம். அவர் படிப்பார், படித்தபடி செய்வார். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் எந்த வரியில் நின்று நம் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத்தான் திருத்த வேண்டும்.

வரும் ஞாயிறு கோயில் கூட்டத்தில் பஸ் மெதுவாகத்தான் ஊரும், ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்புங்கள். நொய்யும் மோரும் நான் கொண்டு வருகிறேன். யாராவது ஒருவர் சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு கப் கேழ்வரகு மாவைக் கரைத்து மூடி வையுங்கள். பச்சைத் தண்ணீரில்.

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்